தறியில் நெசவாளர் படம்: நாடா எந்தப் பக்கம் போகிறது? பாவு தளர்ந்திருக்கிறதா?

கரித்துண்டு

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கண்காட்சிப் பலகைக்காகக் கைத்தறி நெசவாளர் ஒருவரைக் கோட்டோவியமாக வரைகிறேன். ஓவியத்துக்குக் கீழே, நூல் எப்படி இழுபட்டு நிற்கிறது, கைகள் என்ன செய்கின்றன, குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடா எங்கே இருக்கிறது என்று ஏழெட்டு வரி விளக்கமும் எழுத வேண்டும். பரமக்குடிப் பக்கம் ஒரு நெசவுக்கூடத்தில் நண்பர் எடுத்த படம்தான் எனக்கு மாதிரி. கூடத்தில் இருப்பவர்களின் முகம் தெரிவதால் படத்தை இங்கே போட விருப்பமில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

குழித்தறி. பருத்திச் சேலை, அகலம் 48 அங்குலம் என்று நண்பர் சொன்னார். படம் நெசவாளரின் வலது முன்பக்கத்தில் நின்று, சற்று மேலிருந்து எடுத்தது. இடது கை அச்சுப் பலகையின் மேல்கட்டையில் இருக்கிறது. வலது கை மேலிருந்து தொங்கும் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்திருக்கிறது. பலகைக்குள் சீப்பு போல நிற்கும் அச்சு, நெய்த துணியின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி நிற்கிறது. நீளவாக்கு நூலான பாவு மேலும் கீழுமாக இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கிறது. நடுவில் நாடா. அதன் கூர்முனை இடப்பக்கம் பார்க்கிறது. மேல் அடுக்கு நூல்கள் நேராக இருக்கின்றன, கீழ் அடுக்கு நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கிறது.

நான் எழுதி வைத்திருப்பது: "நெசவாளர் வலக்கையால் கயிற்றை இழுக்க, நாடா வலமிருந்து இடமாகப் பறக்கிறது. இடக்கை பலகையைத் தன்பக்கம் இழுத்து அடிக்கிறது." இது சரியா? கீழ்ப்பாவின் தொய்வை அப்படியே வரையலாமா?

நூல்முடிச்சு

நான் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறேன். கீழ் அடுக்கு தொய்ந்தால் பாவில் இழுவிசை போதவில்லை என்றுதான் அர்த்தம். பாவு சரியாக இறுகியிருந்தால் இரண்டு அடுக்குமே நேர்கோடாக நிற்கும். ஓவியத்தில் தொய்வை வரையாதீர்கள், பார்ப்பவர்கள் அதைத் தறியின் குறையாக நினைப்பார்கள். விளக்கத்தில் "பாவு முழுவதும் ஒரே இழுவிசையில் இருக்கிறது" என்று எழுதலாம்.

இன்னொன்று. நாடா ஓடும்போது பலகையை அடிக்க முடியாது, அடித்தால் நாடா அச்சுக்கும் துணிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். உங்கள் வாக்கியத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பது போல இருக்கிறது.

பட்டுக்கரை

நாங்கள் காஞ்சிபுரத்தில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெய்கிற குடும்பம். நாடாவைக் கயிறு தள்ளாது, கைதான் தள்ளும். வலக்கை எறியும், இடக்கை பிடிக்கும், அடுத்த முறை இடக்கை எறியும். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, பக்கத்தில் உதவிக்கு ஒருவர். உங்கள் ஓவியத்தில் கை நாடாவைத் தொட்டபடி இருந்தால்தான் கைத்தறி என்று தெரியும். கயிற்றைப் பிடித்திருப்பது போல வரைந்தால் பாதிப்பேருக்கு என்ன நடக்கிறதென்றே புரியாது.

பாவடித்தெரு

கரித்துண்டு அம்மா, நான் சேலம் பக்கம். சிறு வயதிலிருந்து தறிதான், இப்போது மகன் நெய்கிறான். உங்கள் படத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சொல்வதற்கு முன்னால் நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

பலகையின் இரண்டு கோடியிலும் நாடா தங்குகிற பெட்டி இருக்கிறதா? கைப்பிடியிலிருந்து இரண்டு பெட்டிக்கும் போகிற கயிறுகளில் எது விறைப்பாக இருக்கிறது, எது தொங்குகிறது? நாடாவின் முதுகு அச்சோடு ஒட்டியிருக்கிறதா, விலகியிருக்கிறதா? நாடாவிலிருந்து வெளிவரும் குறுக்கு நூலான ஊடை நூல் எந்தக் கரைக்குப் போகிறது? படத்தைப் பெரிதாக்கித் தேடினால் நூல் கிடைக்கும்.

கூர்முனையை வைத்து நாடா போகிற திசையைச் சொல்ல முடியாது. நம் நாடாவுக்கு இரண்டு பக்கமும் முனை உண்டு, இரும்புக் குப்பி போட்டிருக்கும். இடது முனை இடப்பக்கம்தான் பார்க்கும், வலது முனை வலப்பக்கம்தான் பார்க்கும். ஊடை நூல் ஒன்றுதான் திசையைச் சொல்லும். நாடா எங்கிருந்து கிளம்பியதோ அந்தக் கரையில் நூல் பிடிபட்டிருக்கும், அங்கிருந்து நாடாவின் பின்னால் நீண்டு வரும்.

பட்டுக்கரை அவர்கள் சொல்வது அவர்கள் தறிக்குச் சரி. கையால் எறியும் தறியில் பெட்டி இருக்காது, தொங்குகிற கைப்பிடியும் இருக்காது. இவர் படத்தில் கைப்பிடி இருப்பதால் இது விசை நாடாத் தறி. 1733ல் இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் செய்த ஏற்பாட்டின் வழியில் வந்தது. இதில் கை நாடாவைத் தொடுவது, உள்ளே ஊடை நூல் சுற்றி வைத்த தார் மாற்றும்போதும், நாடா வழியில் நின்றுபோனாலும்தான்.

கரித்துண்டு

ஐயா, பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டி இரண்டு பக்கமும் இருக்கிறது. வலது பெட்டி முழுதாகத் தெரிகிறது, காலியாக இருக்கிறது. இடது பெட்டி பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. கயிறு இரண்டுமே வளைந்து தொங்குகின்றன. நாடாவுக்கும் அச்சுக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி இருக்கும். நூலையும் கண்டுபிடித்துவிட்டேன்: நாடாவிலிருந்து இடது கரைக்குப் போகிறது, நெளிநெளியாகக் கிடக்கிறது. அப்படியென்றால் நாடா இடமிருந்து வலமாகப் போகிறதா?

பாவடித்தெரு

போக வேண்டிய திசை அதுதான். ஆனால் இந்தப் படத்தில் நாடா போகவில்லை. உங்கள் நண்பருக்காக அங்கே வைத்திருக்கிறார்கள்.

நாடா ஓடும் இடம் அச்சுப் பலகையின் கீழ்க்கட்டை. கீழ்ப்பாவு அந்தக் கட்டையின் மேல் படிந்து கிடக்கும், அதன் மேல்தான் நாடா ஓடும். கட்டையை அச்சுப் பக்கம் லேசாகச் சாய்த்துத்தான் செய்வார்கள், நாடா முதுகை அச்சில் உரசிக்கொண்டே போவதற்காக. மூன்று விரல் விலகி ஓடுகிற நாடா மறு பெட்டிக்குப் போய்ச் சேராது, வழியிலேயே மூக்கைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆக, உங்கள் நாடா கட்டையின் மேல் இல்லை. கட்டைக்கும் துணிக்கும் நடுவில், வெறும் நூலின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

கீழ் அடுக்கு தொய்வதற்குக் காரணமும் அதுதான். இரும்புக் குப்பி போட்ட மரநாடா, உள்ளே தாரும் இருக்கிறது. அந்தப் பாரத்தை நூல் தாங்கினால் அந்த இடம் இறங்கத்தான் செய்யும். கட்டையின் மேல் இருந்தால் பாரத்தைக் கட்டை தாங்கும், நூல் இறங்காது. நூல்முடிச்சு தம்பி, பாவு தளர்ச்சி என்று முடிவுகட்டும் முன்பு நாடா இல்லாத இடத்தில் கீழ்ப்பாவு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். கரித்துண்டு அம்மா, வலது கரையை ஒட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கயிறு இரண்டும் தொங்குவது அடுத்த அடையாளம். கைப்பிடியை எந்தப் பக்கம் வெட்டி இழுக்கிறோமோ அந்தப் பக்கம் நாடா போகும். இடது பெட்டியில் நாடா இருக்கிறது என்றால் கைப்பிடியை வலப்பக்கம் வெட்டுவோம். இடது கயிறு விறைக்கும், இடது பெட்டிக்குள் இருக்கும் தள்ளுகட்டை நாடாவின் முனையில் அடித்துத் தள்ளும். நாடா பெட்டியை விட்டுக் கிளம்பும் அந்த நொடியில் ஒரு கயிறு கட்டாயம் விறைப்பாக இருக்க வேண்டும்.

லென்ஸ்காரர்

புகைப்படம் எடுக்கிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

ஒன்று, தொய்வு லென்ஸாலும் வரலாம். கைப்பேசியின் அகலக் கோண லென்ஸ் ஓரத்தில் இருக்கும் நேர்கோடுகளை வளைத்துவிடும். அச்சுப் பலகையின் மேல்கட்டை நேரானது என்று நமக்குத் தெரியும். படத்தில் அது வளைந்து தெரிந்தால் நூலின் வளைவையும் நம்பக் கூடாது.

இரண்டாவது, நாடாவின் மரவரி தெரிகிற அளவுக்குப் படம் துல்லியமாக இருக்கிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 அங்குலம் ஏறக்குறைய 120 செ.மீ. நாடா அதைக் கால் நொடியில் கடப்பதாக வைத்துக்கொண்டால், கூடத்து வெளிச்சத்தில் கேமரா சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் 1/60 நொடிக்குள் அது 8 செ.மீ. நகர்ந்துவிடும். படத்தில் அது மங்கிய பட்டையாக விழுமே தவிர நாடாவாகத் தெரியாது.

கரித்துண்டு

மேல்கட்டை நேராகத்தான் இருக்கிறது. நாடா மிகத் தெளிவு, தாரில் சுற்றிய நீல நூல் வரைக்கும் தெரிகிறது. வலது கரையை ஒட்டிக் கீழ்ப்பாவு நேராக இருக்கிறது, நாடாவுக்கு அடியில் மட்டும்தான் இறங்கியிருக்கிறது. ஐயா சொன்னதுதான் சரி போல. ஆனால் இடது கரையில் ஐந்தாறு இழைகள் மட்டும் மற்றவற்றை விடத் தளர்ந்து தெரிகின்றன. அங்கே நாடா இல்லையே?

ஓடைமேடு

நாடா பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். எங்கள் தறியில் நாடா அடிக்கடி வெளியே பாய்ந்து விழுகிறது. வலமிருந்து இடம் போகும்போதுதான் அதிகம். தள்ளுகட்டையை மாற்றியாயிற்று. நாடாவை மாற்ற வேண்டுமா?

பாவடித்தெரு

ஓடைமேடு, இந்தப் பேச்சோடு உங்கள் கேள்விக்கும் தொடர்பு உண்டு. ஒரு பக்கம் போகும்போது மட்டும் பாய்கிறது என்றால் நாடாவைக் குறை சொல்ல வேண்டாம். மிதியை அழுத்திப் பாவைத் திறந்து வைத்து, நாடா உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து வலது பக்கத்திலிருந்து உள்ளே பாருங்கள். கீழ் அடுக்கில் ஏதாவது இழை கட்டையில் படியாமல் எழும்பி நிற்கும், அல்லது மேல் அடுக்கில் ஏதாவது தொங்கும். நாடாவின் மூக்கு அதில் ஏறினால் வெளியேதான் பாயும். அறுந்த இழையை முடிந்தபோது நீளம் அதிகமாக விட்டிருந்தாலும் இப்படி நிற்கும். அப்படி எதுவும் இல்லையென்றால் வலது பெட்டியின் வாயும் அச்சும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நீளக் குச்சியை வைத்துப் பாருங்கள்.

கரித்துண்டு அம்மா, இடது கரையில் தளர்ந்த இழைகளுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். அங்கே இழை அறுந்து புதுசாக முடிந்திருக்கலாம். அல்லது, துணி அகலம் சுருங்காமல் விரித்துப் பிடிக்கிற குச்சியை ரொம்ப நேரம் நகர்த்தாமல் விட்டிருக்கலாம். விளிம்பிலிருந்து குச்சி தள்ளிப் போகப் போகத் துணி உள்வாங்கும், கரை இழைகள் அச்சில் சாய்வாக உரசும், இழுவை மாறும். குச்சி விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

கரித்துண்டு

குச்சி துணிக்கு அடியில் இருக்கிறது போல, நுனி மட்டும் தெரிகிறது. நான்கு விரல் தூரம் இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

நூல்முடிச்சு

குச்சி தள்ளியிருந்தால் இரண்டு கரையிலும் இப்படி இருக்க வேண்டுமே? வலது கரை நேராக இருக்கிறது என்கிறார். அதனால் முடிந்த இழையாகத்தான் இருக்கும். பாவு ஓட்டும்போதே அந்தக் கரை தளர்வாக விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

பாவடித்தெரு

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஐந்தாறு இழையும் ஒன்றாக அறுந்து ஒன்றாக முடிந்திருக்குமா என்றும் கேட்க வேண்டும். பாவிலேயே தளர்வு என்றால் இழைகளை வரிசை மாறாமல் பிரித்து வைக்கும் அல்லுக் குச்சிக்குப் பின்னாலும் அந்த இழைகள் தொங்க வேண்டும், படத்தில் அந்த இடம் வரவில்லை. ஓவியத்துக்கு அது தேவையும் இல்லை. நேராகவே வரையுங்கள்.

பாவின் இழுவை பற்றி நீங்கள் எழுதப் போவதால் ஒன்று சொல்கிறேன். அது எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மிதியை அழுத்திப் பாவு திறக்கும்போது ஒவ்வொரு இழையும் வளைந்து அதிக தூரம் போக வேண்டியிருக்கிறது, அதனால் விறைப்பு ஏறும். மிதியை விட்டு இரண்டு அடுக்கும் ஒன்றாகச் சேரும்போது விறைப்பு இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை இழை நாள் முழுவதும் தாங்க வேண்டும், அதற்குத்தான் கஞ்சி போடுகிறோம். ரொம்ப இழுத்துக் கட்டினால் மிதிக்கிறபோதெல்லாம், பாவு இழைகளை ஏற்றி இறக்கும் விழுதின் கண்ணில் இழை அறும். தளர்த்திக் கட்டினால் நாடாவுக்கு வழி திறக்காது, பலகையை அடித்தாலும் துணி அச்சோடு சேர்ந்து முன்னால் வருமே தவிர ஊடை நெருங்காது. அந்த அடியின் சத்தமே வேறு. நல்ல இழுவையில் 'டக்' என்று வெட்டினாற்போல் கேட்கும், தளர்ந்த பாவில் மொத்தென்று விழும். அடுத்த அறையில் இருந்தே கண்டுபிடிக்கலாம்.

உள்ளங்கையை விழுதுக்குப் பின்னால் பாவின் மேல் வைத்து அழுத்திப் பார்ப்போம். முழு அகலத்துக்கும் கையை நகர்த்தினால் ஒரே மாதிரி எதிர்க்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பதை விட எல்லா இடமும் சமமா என்பதுதான் முக்கியம்.

தார்ச்சுற்று

தாரைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் தார் சுற்றித்தான் இரண்டு தறிக்குக் கொடுக்கிறோம். கரித்துண்டு அக்கா, ஊடை நூல் நெளிந்து கிடக்கிறது என்றீர்கள். ஓடுகிற நாடாவுக்குப் பின்னால் நூல் அப்படிக் கிடக்காது. தாரிலிருந்து உருவி வரும்போது லேசான இழுவை இருந்துகொண்டே இருக்கும், நூல் ஏறக்குறைய நேராக வரும். நீங்கள் பார்த்தது யாரோ நாடாவைக் கையால் உள்ளே நகர்த்தியபோது தளர்ந்த நூல்.

அது நேராக வந்தாலும் துணி விளிம்புக்கு இணையாகப் படுக்காது. ஒரு முனை இடது கரையில், துணியின் மூலையில் பிடிபட்டிருக்கும். மறு முனை அச்சை ஒட்டி ஓடும் நாடாவில் இருக்கும். அதனால் சாய்வாகத்தான் போகும். அந்தச் சாய்வும் வேண்டும். நாடா போய்ச் சேர்ந்த பிறகும் நூல் சாய்வாகக் கிடந்தால்தான், அடிக்கும்போது மேலும் கீழுமாகப் பாவு இழைகளைச் சுற்றி வளைய நீளம் மிச்சம் இருக்கும். ஊடை இழுத்துக்கொண்டால் சேலை குறுகும், கரை இழை அறுந்துகொண்டே இருக்கும். ரொம்ப விட்டுக்கொடுத்தால் கரையில் கண் கண்ணாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தாரை லூஸாகச் சுற்றினால் மூன்று நான்கு சுற்று ஒன்றாகக் கழன்று வரும். அதுவும் கரையில்தான் போய் நிற்கும். சேலையின் கரையைப் பார்த்தே தார் யார் சுற்றியது என்று எங்கள் வீட்டில் சொல்லிவிடுவார்கள்.

பட்டுக்கரை

தார்ச்சுற்று சொன்ன சாய்வு எங்களுக்கும் உண்டு. கரித்துண்டுக்கு என் கேள்வி இதுதான். பலகையில் "கைத்தறி" என்று பொதுவாக எழுதப் போகிறீர்களா, "விசை நாடாக் குழித்தறி, பருத்திச் சேலை" என்று எழுதப் போகிறீர்களா? பொதுவாக எழுதினால் கையால் நாடா எறிகிறவர்கள் அந்தப் படத்தில் இல்லாமல் போய்விடுகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் இதை எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள்: ஒரு கை பலகையைப் பின்னால் தள்ளிப் பிடிக்கும், மறு கை எறியும். தள்ளிய கை வந்து நாடாவைப் பிடிக்கும், எறிந்த கை பலகையைப் பிடித்து அடிக்கும். ஒவ்வொரு இழைக்கும் கைகள் வேலையை மாற்றிக்கொள்கின்றன. உங்கள் படத்தில் இருப்பவருக்கு இடது கை பலகையை விடுவதேயில்லை. இரண்டும் வேறு வேறு உடல் வாகு.

கரித்துண்டு

நீங்கள் சொல்வது நியாயம், தறியின் வகையைத் தலைப்பிலேயே எழுதிவிடுகிறேன்.

பாவடித்தெரு ஐயா, இப்போது எந்த நொடியை வரைவது? மாதிரிப் படத்தில் இருப்பது எந்த நொடியும் இல்லை என்று தெரிந்துவிட்டது. கைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள். படத்தில் இடது கை விரல்கள் நீட்டியபடி கட்டையின் மேல் கிடக்கின்றன.

பாவடித்தெரு

இரண்டு நொடியில் ஒன்றை எடுங்கள்.

முதலாவது, நாடா கிளம்பிய கணம். பாவு திறந்திருக்கும். பலகை விழுதுப் பக்கம் முழுதாகத் தள்ளி நிற்கும், உங்கள் படத்தில் இருக்கிற ஒரு சாண் சரி. வலது கை கைப்பிடியை வலப்பக்கம் வெட்டியிருக்கும், இடது கயிறு விறைப்பாக, வலது கயிறு தொங்கலாக. இடது பெட்டியில் தள்ளுகட்டை வாய்ப்பக்கம் வந்து நிற்கும். நாடா பாவுக்குள் இடது பக்கம், அச்சை ஒட்டி. ஊடை நூல் இடது மூலையிலிருந்து சாய்வாக நாடாவுக்கு. நாடா நடுப்பாவுக்கு வந்துவிட்டால் கயிறு தளர்ந்துவிடும், அதனால் கயிற்றை விறைப்பாக வரைந்தால் நாடாவை இடது கரைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இரண்டாவது, அடிக்கிற கணம். பலகை துணி விளிம்பைத் தொட்டிருக்கும். நாடா வலது பெட்டிக்குள் இருக்கும், வெளியே தெரியாது. கயிறு இரண்டும் தொங்கும். வலது கரையிலிருந்து பெட்டிக்கு ஊடை நூல் ஒரு சிறு துண்டு தெரியும்.

கைகள் இரண்டு கணத்திலும் வேறாக இருக்கும். பலகையைத் தள்ளி நிறுத்தும்போது உள்ளங்கையின் அடிப்பகுதி கட்டையில் அழுந்தும், விரல்கள் தளர்வாக மேலே கிடக்கும், நீங்கள் பார்த்ததைப் போல. அடிக்க இழுக்கும்போது விரல்கள் கட்டைக்கு அப்பால் வளைந்து கொக்கி போடும். பிடிக்கிற இடம் கட்டையின் நடுவாக இருக்க வேண்டும். ஓரமாகப் பிடித்து அடித்தால் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் கலக்கமாகவும் விழும். வலது கையில் மணிக்கட்டுதான் வேலை செய்யும். முழங்கை விலாவை விட்டு அதிகம் போகாது. கையை ஓங்கி இழுப்பது போல வரைந்தால் தறி தெரிந்தவர்களுக்கு உறுத்தும். அவ்வளவு பலமாக இழுத்தால் நாடா எதிர்ப் பெட்டியில் மோதித் திரும்பி வரும்.

நூல்முடிச்சு

அடிக்கும்போது பாவு மூடியிருக்குமா, திறந்திருக்குமா? எங்களுக்குச் சொன்னது, மிதி மாறி அடுக்குகள் ஒன்றையொன்று கடந்த பிறகு அடிக்க வேண்டும், அப்போதுதான் ஊடை பின்னால் நழுவாது.

பாவடித்தெரு

நெருக்கமாக நெய்யும்போது அப்படித்தான். மென்மையான சேலைக்கு நான் பாவு மூடும் தறுவாயில் அடிப்பேன், என் மகன் மிதி மாறிய பிறகு அடிப்பான். சேலையைப் பார்த்து எது யாருடையது என்று நான் சொல்லிவிடுவேன், வாங்குகிறவர்கள் சொல்வார்களா என்று தெரியாது.

ஓடைமேடு

பாவடித்தெரு அண்ணே, குனிந்து பார்த்தேன். வலது கரையிலிருந்து ஒரு சாண் உள்ளே இரண்டு இழை கட்டையில் படியாமல் நின்றன. அவிழ்த்து இழுத்து முடிந்தேன். இன்று காலையிலிருந்து நாடா பாயவில்லை. பெட்டியை இன்னும் பார்க்கவில்லை.

கரித்துண்டு

முதல் கணத்தை எடுத்துக்கொண்டேன். விளக்கம் இப்படி வந்திருக்கிறது:

"விசை நாடாக் குழித்தறி, பருத்திச் சேலை. நெசவாளர் குழியில் கால் வைத்து ஒரு மிதியை அழுத்தியிருக்கிறார். பாவு இரண்டு அடுக்காகத் திறந்து, விறைத்து நிற்கிறது. கீழ் அடுக்கு அச்சுப் பலகையின் கட்டையில் படிந்திருக்கிறது. இடக்கை பலகையைப் பின்னால் தள்ளி நிறுத்தியிருக்கிறது. வலக்கை மணிக்கட்டை வலப்பக்கம் வெட்ட, இடது கயிறு விறைத்து, இடது பெட்டியிலிருந்து நாடா கிளம்பிவிட்டது. அது அச்சை உரசியபடி வலது பெட்டிக்குப் போகிறது. நாடாவின் பின்னால் ஊடை நூல் துணியின் இடது மூலையிலிருந்து சாய்வாக நீள்கிறது. நாடா பெட்டிக்குள் போன பிறகே இடக்கை பலகையை இழுத்து அடிக்கும்."

எந்தக் கால் அழுத்தியிருக்கிறது என்று எழுத ஆசை. குழிக்குள் இருட்டாக இருக்கிறது.

பாவடித்தெரு

நன்றாக இருக்கிறது. "விறைத்து நிற்கிறது" என்பதோடு "அகலம் முழுவதும் சமமாக" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

கால் விஷயத்தை விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் நாடா போகும்போது எந்தக் கால் என்பது ஒருமுறை தொடங்கியதைப் பொறுத்தது. நடுவில் இழை அறுந்து நிறுத்தித் திரும்பத் தொடங்கும்போது சிலர் மாற்றிக்கொள்வார்கள். விழுதைப் பார்த்து எது ஏறியிருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் அது எந்த மிதியில் கட்டியிருக்கிறது என்பது அந்தத் தறிக்குத்தான் தெரியும்.

லென்ஸ்காரர்

கூடத்துக்கு மறுபடி போக முடிந்தால் நண்பரிடம் சொல்லுங்கள்: நெசவாளரை நிறுத்தச் சொல்ல வேண்டாம், அவர் பாட்டுக்கு நெய்யட்டும். அவருடைய வலது தோளுக்குப் பின்னால் நின்று, இரண்டு பெட்டியும் சட்டத்துக்குள் வரும்படி வைத்து, 1/500 நொடியில் தொடர்ச்சியாக எடுக்கட்டும். சன்னல் வெளிச்சம் போதாவிட்டால் படத்தில் புள்ளிகள் வரும், வரைவதற்கு அது தடையில்லை. பளிச்சென்று மின்விளக்கு அடிக்க வேண்டாம், நாடா ஓடும்போது நெசவாளர் கண் சிமிட்டினால் கை தப்பும்.

தார்ச்சுற்று

அக்கா, ஓவியத்தில் நெசவாளரின் பக்கத்தில் ஒரு தட்டில் நாலைந்து தார் வரையுங்கள். பருத்தி என்றால் அதன் மேல் ஒரு ஈரத்துணி போட்டிருப்பது போல.